டாக்டர் வேலையை விட்டால் நோயாளிகள் யார் கையில்? ராஜினாமா கடிதத்தில் இருக்க வேண்டியதும், அதனுடன் இணைக்க வேண்டியதும்

“அந்த டாக்டர் இப்ப இங்க வர்றது இல்லீங்க. போன வாரமே நின்னுட்டாரு. வேற டாக்டரைப் பாக்குறீங்களா?”

மருத்துவமனை வரவேற்பு மேசையில் இந்தப் பதிலைக் கேட்டவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். காய்ச்சலுக்கு வந்தவருக்கு இது பெரிய விஷயமில்லை. பக்கத்து அறைக்குப் போய்விடுவார். ஆனால் இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அப்படி இல்லை. அவருக்கு எத்தனை மில்லிகிராம் ஒத்துக்கொள்கிறது, போன மாதம் ஏன் அளவைக் குறைத்தார்கள், இந்த வாரம் ரத்தப் பரிசோதனை முடிவை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு டாக்டரின் தலைக்குள் இருந்தது. அவரோடு அதுவும் போய்விட்டது.

அரியாங்குப்பம் பக்கம் டாக்டருக்குப் பஞ்சம் இல்லை. கடலூர் சாலையில் தெற்கே போனால் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள், வடக்கே புதுச்சேரி நகரைத் தாண்டினால் ஜிப்மர், நடுவில் தனியார் மருத்துவமனைகள். இடம் விட்டு இடம் போக டாக்டர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நோயாளிகள் பாகூரிலிருந்தும் வருகிறார்கள், எல்லை தாண்டி கடலூர் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அதனால் ஒரே ஆளின் சிகிச்சைக் காகிதங்கள் இரண்டு, மூன்று மருத்துவமனைகளில் சிதறிக் கிடப்பது சாதாரணம்.

ஆகவே கேள்வி இதுதான்: ஒரு டாக்டர் ராஜினாமா செய்யும்போது எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும், அந்த நாட்களில் என்ன செய்ய வேண்டும், கடிதத்தில் எதை எழுத வேண்டும்?

விதி என்ன சொல்கிறது?

மற்ற வேலைகளில் ராஜினாமா என்பது இரண்டு பேருக்கு நடுவே உள்ள விவகாரம்: வேலை கொடுத்தவர், வேலை பார்த்தவர். டாக்டர் விஷயத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள் அவரைப் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. யாருக்குச் சிகிச்சை அளிப்பது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம், அவசர நிலை தவிர, டாக்டருக்கு உண்டு. ஆனால் ஒருவரை ஏற்றுக்கொண்ட பிறகு அவரை அலட்சியம் செய்யக் கூடாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதுமான முன்னறிவிப்பு கொடுக்காமல் விலகவும் கூடாது.

‘அதுதான் 2023-ல புது விதி வந்துச்சே’ என்று சிலர் கேட்கலாம். வந்தது உண்மை. தேசிய மருத்துவ ஆணையம் அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய ஒழுக்க விதிகளை வெளியிட்டது; எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்து, 2002-ம் ஆண்டு விதிகளையே தொடரச் செய்தது.

இதில் கவனிக்க வேண்டிய சொல் ‘போதுமான’ என்பது. எத்தனை நாள் என்று விதி சொல்லவில்லை. மருத்துவமனையோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று எண் இருக்கும். அது நிர்வாகத்துக்கான எண். நோயாளிக்கு எது போதும் என்பதை அவருடைய நோய்தான் தீர்மானிக்கும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ‘நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாகச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே கிளம்புறேன்’ என்று சொல்ல ஒப்பந்தத்தில் வழி இருக்கலாம். பணத்தைக் கட்டினால் நிர்வாகத்தோடு கணக்கு தீர்ந்துவிடும். ஆனால் 2002 விதி பேசும் முன்னறிவிப்பு நோயாளிக்கானது. அதைக் காசாக மாற்ற முடியாது.

அரசு டாக்டருக்கு வேறு கதை

தனியார் மருத்துவமனையில் நோட்டீஸ் காலம் முடிந்தால், நிர்வாகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், உங்களைப் பிடித்து வைக்க முடியாது. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும்படி நீதிமன்றம் உத்தரவிடாது; அதிகபட்சம் ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்கலாம். அரசுப் பணியில் அப்படி இல்லை. ராஜினாமா ஏற்கப்பட்டு, பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை கைக்கு வரும்வரை நீங்கள் பணியில்தான் இருக்கிறீர்கள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் அது அனுமதியில்லாத விடுப்பு. ஒழுங்கு நடவடிக்கை வரலாம்.

இதற்கு மத்திய பணியாளர் துறை 1988 பிப்ரவரி 11-ல் வெளியிட்ட ஒரு குறிப்பாணை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. அதன் சாரம் இரண்டு. ஒன்று, ராஜினாமா தெளிவாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும். ‘இடமாற்றம் தராவிட்டால் இதையே ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால் அது ராஜினாமாவே அல்ல. இரண்டு, விருப்பமில்லாதவரைப் பிடித்து வைப்பதில் அரசுக்கு லாபம் இல்லை என்பதால் பொதுவாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் அவர் முக்கியமான பணியில் இருந்து, மாற்று ஆள் ஏற்பாடு செய்ய நேரம் தேவைப்பட்டால், அந்த ஏற்பாடு முடிந்த பிறகே ஏற்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டருக்கு இந்த இரண்டாவது பகுதி நேரடியாகப் பொருந்தும்.

மாற்று ஆள் இல்லை என்ற காரணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. உத்தரப் பிரதேச அரசுக்கும் டாக்டர் அச்சல் சிங்குக்கும் இடையேயான வழக்கு அது. ராஜினாமா அல்ல, விருப்ப ஓய்வு. அந்த மாநில விதிப்படி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்த டாக்டர்கள், ‘நோட்டீஸ் காலம் முடிந்ததும் ஓய்வு தானாக வந்துவிடும், அரசு மறுக்க முடியாது’ என்றார்கள். உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. டாக்டர்கள் பற்றாக்குறை இருக்கும்போது பொதுநலனுக்காக விருப்ப ஓய்வை அரசு மறுக்கலாம் என்பது தீர்ப்பு. ஏழைகள் அரசு மருத்துவமனையை நம்பி இருக்கிறார்கள் என்பதே அதன் அடிநாதம். ஓர் ஆளின் விருப்பத்துக்கு இவ்வளவு பெரிய பூட்டா என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் நோட்டீஸ் காலத்தை நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டுகிறது.

ராஜினாமா தனிநபர் சம்பந்தப்பட்டது என்பதும் முக்கியம். கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையின் மூத்த டாக்டர்கள் சுமார் 50 பேர் 2024 அக்டோபரில் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு ராஜினாமா என்று அறிவித்தார்கள். பணி விதிகளின்படி ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கொடுத்தால்தான் அது ராஜினாமா, இப்படிக் கூட்டாகக் கொடுப்பதற்குச் சட்ட மதிப்பு இல்லை என்று மேற்கு வங்க அரசு சொல்லிவிட்டது. போராட்டத்துக்கு அது ஒரு வலுவான அடையாளம். அவர்கள் நோக்கமும் அதுதான். ஆனால் வேலையை விடும் வழி அது அல்ல.

60 நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இனி ஒரு தனியார் மருத்துவமனை டாக்டரை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான். அரியாங்குப்பத்தில் 40 படுக்கை மருத்துவமனை, அதில் நான்கு வருடமாகப் பொது மருத்துவர். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துவிட்டது. நியமன ஆணையில் 60 நாள் நோட்டீஸ். அவர் கடிதம் கொடுக்கும் நாள் 2026 மார்ச் 2, திங்கள்கிழமை.

முதலில் நாள் கணக்கு. கடிதம் கொடுத்த மறுநாளிலிருந்து எண்ணினால் 60-வது நாள் மே 1. அன்று மே தினம், வெளிநோயாளி பிரிவு இருக்காது. அப்படியென்றால் நோயாளிகளைப் பார்க்கும் கடைசி நாள் ஏப்ரல் 30. கடிதத்தில் இந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாக எழுத வேண்டும். ‘60 நாள் கழித்து’ என்று மட்டும் எழுதினால், கொடுத்த நாளைச் சேர்த்தா சேர்க்காமலா என்று மனிதவளத் துறை ஒரு கணக்கும் நீங்கள் ஒரு கணக்கும் போடுவீர்கள். மிச்சமுள்ள விடுப்பை நோட்டீஸ் காலத்தில் கழிக்கலாமா என்பதையும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். கழிக்கலாம் என்றால், கடைசிப் பணி நாள் மே 1-ஆகவே இருந்தாலும் நோயாளிகளைப் பார்க்கும் கடைசி நாள் ஏப்ரல் நடுவிலேயே வந்துவிடும்.

இப்போது நோயாளிகள். அவருடைய தொடர் நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. மாதம் ஒருமுறை வருகிறவர்கள் உண்டு: சர்க்கரை, ரத்த அழுத்தம், வால்வு மாற்றியவர்கள். இவர்களை இந்த 60 நாளில் எப்படியும் இரண்டு தடவை பார்த்துவிடலாம். முதல் தடவை சொல்லலாம், இரண்டாம் தடவை புது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யலாம். இங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்களிடம்தான். பிப்ரவரி 20-ம் தேதி வந்த ஒரு நோயாளிக்கு ‘மூணு மாசம் கழிச்சு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பார். அவர் திரும்ப வரும் நாள் மே 20. டாக்டர் போய் 19 நாள் ஆகியிருக்கும். நோட்டீஸ் காலம் முழுவதும் அந்த நோயாளி மருத்துவமனைப் பக்கமே வரவில்லை, ஆகவே யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நோயாளி நன்றாக இருக்கிறார் என்றுதானே மூன்று மாதம் கொடுத்தோம், என்ன ஆகிவிடும் என்று நினைக்கலாம். ஆனால் அவர் முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவராக இருந்தால்? வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மருந்து அது. தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. இடையிடையே ரத்த அணுக்களையும் ஈரல் செயல்பாட்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சீட்டு முடிந்து, பழைய டாக்டரும் இல்லாமல், பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினால் ‘தினமும் ஒன்று’ என்று யாரோ ஒருவர் சொல்லிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

ஆகவே ஒப்படைப்புத் திட்டத்தின் முதல் வேலை மிகச் சாதாரணமானது. கடந்த ஆறு மாத வெளிநோயாளிப் பதிவேட்டை எடுத்து, அடுத்த வருகை ஏப்ரல் 30-க்குப் பிறகு இருக்கிற தொடர் நோயாளிகளைப் பிரித்தெடுக்க வேண்டும். இவர்களுக்கு வரும்வரை காத்திருக்காமல், மருத்துவமனையிலிருந்து போன் போக வேண்டும். தேவைப்பட்டால் வருகையையே ஏப்ரலுக்கு முன்னால் நகர்த்த வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் இரண்டு வாரம் பிடிக்கும். ஒரு மாத நோட்டீஸ் உள்ள டாக்டருக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது இங்கே புரியும்.

மறுபக்கம், எதை ஆரம்பிக்கக் கூடாது என்பதும் உண்டு. கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் அளவை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய புது மருந்தை அவசியமில்லாமல் தொடங்குவது நல்லதல்ல. தொடங்கியே ஆக வேண்டுமென்றால் பொறுப்பேற்கப் போகிறவரோடு சேர்ந்து தொடங்கலாம். அறுவை சிகிச்சை நிபுணராக இருந்தால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஏப்ரல் 29-ம் தேதி அவசரமில்லாத குடலிறக்க ஆபரேஷனைச் செய்துவிட்டு 30-ம் தேதி போய்விட்டால், தையல் சீழ் பிடித்து அடுத்த வாரம் வருகிறவரை யார் பார்ப்பது?

கடிதம் ஒரு பக்கம், பட்டியல் தனி

ராஜினாமா கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகிறது. ஆனால் அமைப்பு எந்த மொழியிலும் ஒன்றே. காரணத்தை விலாவாரியாக எழுத வேண்டியதில்லை. சம்பளக் கோபம், மேலாளர் மேல் உள்ள கோபம் எதுவும் இதில் வரக் கூடாது. அதற்கு வேறு கடிதம் எழுதிக்கொள்ளலாம். நம் கற்பனை டாக்டரின் கடிதம் இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

பொது மருத்துவத் துறை ஆலோசகர் பணியிலிருந்து விலகுகிறேன். எனது நியமன ஆணையில் உள்ள 60 நாள் முன்னறிவிப்பின்படி இக்கடிதத்தை இன்று, 2026 மார்ச் 2-ம் தேதி, அளிக்கிறேன். எனது கடைசிப் பணி நாள் 2026 மே 1. அன்று விடுமுறை என்பதால் வெளிநோயாளிகளைப் பார்க்கும் கடைசி நாள் ஏப்ரல் 30.

எனது தொடர் சிகிச்சையில் உள்ள நோயாளிகளை ஒப்படைப்பதற்கான திட்டத்தை இணைத்துள்ளேன். அவர்களைப் பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரை மார்ச் 16-ம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரல் 17-ம் தேதிக்குப் பின் புதிய தொடர் நோயாளிகளை அவரது பெயரிலேயே பதிவு செய்யும்படி வரவேற்புப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இக்கடிதம் பெறப்பட்டதையும், விடுவிக்கும் தேதியையும் உறுதிசெய்து பதில் அளிக்க வேண்டுகிறேன்.”

அவ்வளவுதான். கையில் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும், மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘சார் நான் ரிசைன் பண்றேன்’ என்று போட்டுவிட்டு அதைத் தொடக்கத் தேதியாக நம்பக் கூடாது.

இந்தக் கடிதத்தில் உயிரான வரி, மார்ச் 16-க்குள் பெயர் கேட்கும் வரிதான். ‘பாத்துக்கலாம் டாக்டர், புது ஆள் போட்டுடுவோம்’ என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லும். ஏப்ரல் கடைசி வரை ஆள் வரமாட்டார். தேதி குறித்து எழுதிக் கேட்டிருந்தால் மார்ச் 17-ம் தேதியே நினைவூட்டல் கடிதம் எழுதலாம். அப்போதும் பெயர் வரவில்லையென்றால் வேறு வழி தேட இன்னும் ஆறு வாரம் கையில் இருக்கும். அந்த நினைவூட்டல், பின்னால் ‘நோயாளிகளைக் கைவிட்டார்’ என்று புகார் வந்தால் உங்கள் பக்கம் பேசும் காகிதமும்கூட.

நோயாளிகளின் பெயர், நோய் எதுவும் கடிதத்துக்குள் வரக் கூடாது. கடிதம் மனிதவளத் துறை, கணக்குப் பிரிவு என்று பல மேசைகளுக்குப் போகும். நோயாளியின் ரகசியம் அங்கெல்லாம் பயணிக்க வேண்டியதில்லை. இணைப்பில்கூட முறை, எண்ணிக்கை, தேதிகள் மட்டும் இருந்தால் போதும். பெயரோடு உள்ள பட்டியல் டாக்டரிடமிருந்து டாக்டருக்கு, மருத்துவமனையின் ஆவணப் பிரிவு வழியாக மட்டுமே போக வேண்டும்.

பட்டியலில் ஒரு வரி எப்படி இருக்கும்?

‘52 வயது, மைட்ரல் வால்வு மாற்றியவர், வார்ஃபரின் தொடர்கிறது, மாதாமாதம் பார்க்கவும்.’ பெரும்பாலான ஒப்படைப்புக் குறிப்புகள் இப்படித்தான் இருக்கின்றன. பொய் எதுவும் இல்லை, ஆனால் புது டாக்டருக்கு உதவியும் இல்லை.

இதே நோயாளியை இப்படி எழுதிப் பாருங்கள்: உலோக வால்வு. ஐஎன்ஆர் அளவு 2.5 முதல் 3.5-க்குள் இருக்க வேண்டும். வார்ஃபரின் தினம் 4 மில்லிகிராம். ஜனவரியில் வேறு இடத்தில் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்ததில் ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டி ஈறில் ரத்தம் வந்தது. மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்கினோம். மார்ச் 24-ல் 2.8. அடுத்த பரிசோதனை மே 5, முடிவை அன்றே பார்த்து அளவு சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாது, மகள்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார், அவரிடம் பேசவும். மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரச் சொல்லியிருக்கிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? முதல் குறிப்பு நோயைச் சொல்கிறது. இரண்டாவது, அடுத்து என்ன நடக்கலாம், நடந்தால் என்ன செய்வது, எந்தத் தேதியில் யார் எதைப் பார்ப்பது என்று சொல்கிறது. மருத்துவமனைகளில் ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்க ‘ஐ-பாஸ்’ என்று ஒரு முறை உண்டு. நோயின் தீவிரம், சுருக்கமான வரலாறு, செய்ய வேண்டிய வேலைகள், எதிர்பார்க்க வேண்டிய ஆபத்துகள், கடைசியாக, கேட்டுக்கொண்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது என்று ஐந்து படிகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் இதைக் கொண்டுவந்தபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-ல் ஆய்வு வெளியானது. அது ஓர் இரவுக்கான ஒப்படைப்பு. நிரந்தரமாகப் போகிறவருக்கும் அதே ஐந்து படிகள் பொருந்தும், கடைசிப் படி உட்பட. பட்டியலை மேசையில் வைத்துவிட்டு வருவது ஒப்படைப்பு அல்ல. இரண்டு டாக்டரும் அரை நாள் உட்கார்ந்து, ஆபத்து அதிகமுள்ளவர்களைப் பற்றிப் பேச வேண்டும். “சரி, இந்தம்மாவுக்கு மே 5 ஐஎன்ஆர், மகள்கிட்ட பேசணும், ஆன்டிபயாடிக் யாராச்சும் குடுத்தா உடனே செக் பண்ணணும்” என்று புதியவர் திருப்பிச் சொன்னால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பட்டியலில் எல்லோருக்கும் இவ்வளவு நீளம் தேவையில்லை. 300 தொடர் நோயாளிகள் இருந்தால், ஒரே மருந்தில் நிலையாக இருக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒரு வரி போதும். விரிவாக எழுத வேண்டியவர்கள் அநேகமாக 20, 30 பேர்தான்.

ஒரு வகையினர் மட்டும் இந்த வலையிலும் தப்பிவிடுவார்கள்: பரிசோதனை கொடுத்துவிட்டு முடிவு இன்னும் வராதவர்கள். கழுத்துக் கட்டியில் திசு எடுத்து அனுப்பியிருப்பார்கள், முடிவு மே 4-ம் தேதி டாக்டரின் பெயருக்கு வரும். டாக்டர் இல்லை. கவர் மேசையில் கிடக்கும். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளில் நடந்த, 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வீட்டுக்கு அனுப்பப்பட்ட உள்நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பரிசோதனை முடிவு அப்போதுதான் வரவேண்டியிருந்தது. டாக்டர் அதே இடத்தில் இருக்கும்போதே இந்த நிலை. அதனால் கடைசி வாரத்தில் ஆய்வகத்துக்கே போய், தன் பெயரில் நிலுவையில் உள்ளவற்றின் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரை மாற்றச் சொல்ல வேண்டும்.

காசநோயாளிகளுக்கும் ஒரு தனிக் குறிப்பு. சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாத சிகிச்சை, நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறும் ஆபத்து. தனியார் டாக்டரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் என்பதால் ஒவ்வொருவருக்கும் நி-க்ஷய் இணையப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணும், எத்தனையாவது மாதம் என்பதும் பட்டியலில் இருந்தால், புது டாக்டர் வராமல் போனாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அங்கிருந்து தொடர முடியும்.

நோயாளியிடம் எப்படிச் சொல்வது?

நேராகச் சொல்வதுதான் நல்லது. “அம்மா, ஏப்ரல் 30 வரைக்கும்தான் நான் இங்க இருப்பேன். அதுக்கப்புறம் இந்த டாக்டர் உங்களைப் பாப்பாங்க. உங்க விவரம் எல்லாம் அவங்ககிட்ட சொல்லிட்டேன். இந்தத் தாளைப் பத்திரமா வச்சுக்கங்க.” கையில் கொடுக்கும் தாளில் நோய், மருந்து, அளவு, அடுத்த பரிசோதனைத் தேதி, புது டாக்டர் பெயர் இருந்தால் போதும். பாதிப் பேர் புது டாக்டரிடம் போகமாட்டார்கள். ஜிப்மருக்கோ வேறு இடத்துக்கோ போவார்கள். அது அவர்கள் உரிமை. அந்தத் தாள் எங்கே போனாலும் வேலை செய்யும். முழு ஆவணம் வேண்டுமென்று எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. டாக்டர் போன பிறகு அந்தப் பொறுப்பு மருத்துவமனை ஆவணப் பிரிவின் தலையில்.

“நீங்க எங்க போறீங்க டாக்டர்? நாங்களும் அங்கயே வர்றோம்.” இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். கேட்டவரிடம் உண்மையைச் சொல்வதில் தவறு இல்லை. மருத்துவமனையின் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் போட்டு அழைப்பது வேறு விஷயம். ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்கலாம். தடை இல்லாவிட்டாலும், நோயாளிகளின் விவரத்தை பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போவது ரகசியத்தை மீறுவது. வேலையை விட்ட பிறகு இத்தனை கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைப் பார்த்தும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, பணி முடிந்த பிறகும் தொடரும் அப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. முகவரி மாறியதைப் பத்திரிகையில் முறையான அறிவிப்பாக வெளியிடவும் ஒழுக்க விதிகள் அனுமதிக்கின்றன. விளம்பரமாக்கினால்தான் பிரச்சினை.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு, டாக்டரின் சொந்த வாட்ஸ்அப் எண். நான்கு வருடத்தில் நூறு நோயாளிகளிடமாவது அது போயிருக்கும். மே 5-ம் தேதி அந்த அம்மாவின் மகள் ஐஎன்ஆர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து யாருக்கு அனுப்புவார்? பழக்கப்பட்ட எண்ணுக்குத்தான். புது ஊரில், புது வேலையின் முதல் வாரத்தில் இருக்கும் டாக்டர் அதை இரவு பதினோரு மணிக்குப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ‘நாலுக்குப் பதிலா மூணு போடுங்க’ என்று பதில் அனுப்பினால் இரண்டு டாக்டர்கள் ஒரே நோயாளிக்கு, ஒருவருக்கொருவர் தெரியாமல், அளவு மாற்றிக்கொண்டிருப்பார்கள். பதிலே அனுப்பாவிட்டால் அது இன்னும் மோசம். இதற்கு ஒரு வழி, ஏப்ரலிலேயே மருத்துவமனையின் எண்ணை அந்தத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுப்பது. கூடவே மே முதல் தேதியிலிருந்து சொந்த எண்ணில் ஒரு தானியங்கிப் பதிலைப் போட்டு வைப்பது: ‘நான் இப்போது அந்த மருத்துவமனையில் இல்லை. ரிப்போர்ட்டை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். அவசரமென்றால் உடனே அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள்.’

‘இன்னிக்கே கிளம்புங்க’ என்றால்?

நடக்கிறது. போட்டி மருத்துவமனைக்குப் போகிறார் என்று தெரிந்ததும், கடிதம் கொடுத்த அன்றே கணினிக் கடவுச்சொல்லை முடக்கி, அறையைப் பூட்டிவிடும் நிர்வாகங்கள் உண்டு. நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து உடனே அனுப்ப ஒப்பந்தத்தில் அவர்களுக்கும் வழி இருக்கலாம். அப்போது டாக்டர் செய்யக்கூடியது குறைவு, ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. அன்றைக்கே ஒரு மின்னஞ்சல்: உள்நோயாளிகளாக இருக்கும் இத்தனை பேரை இன்று மாலைக்குள் யார் பொறுப்பேற்கிறார் என்று தெரிவிக்கவும், ஆய்வகத்தில் இத்தனை முடிவுகள் நிலுவையில் உள்ளன, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளைப் பற்றி மாற்று மருத்துவரிடம் போனில் பேசத் தயாராக இருக்கிறேன். நோயாளிகளின் பெயருக்குப் பதிலாக மருத்துவமனைப் பதிவு எண்ணை மட்டும் குறிப்பிட்டால் ரகசியமும் காக்கப்படும்.

இதனால்தான் அனுபவப்பட்ட டாக்டர்கள் சிலர், கடிதம் கொடுப்பதற்கு முன்பே, யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு தொடர் நோயாளியின் கோப்பிலும் நிலைமைச் சுருக்கத்தை எழுதி முடித்துவிடுகிறார்கள். கோப்பு மருத்துவமனையிலேயே இருப்பதால் ரகசிய மீறல் இல்லை. கடவுச்சொல் போனாலும் எழுதியது போகாது.

ஒப்படைப்பு சரியாக நடந்ததா என்று பிறகு தெரிந்துகொள்ளவும் எளிய வழி இருக்கிறது. மே மூன்றாவது வாரத்தில் புது டாக்டருக்கு ஒரு போன். அந்த 20, 30 பேரில் குறித்த தேதியில் வராதவர்கள் யார் என்று மட்டும் கேட்டால் போதும். பிப்ரவரி 20-க்குப் பிறகு வராத மெத்தோட்ரெக்ஸேட் நோயாளி மே 20-ம் தேதி வந்துவிட்டாரா? வரவில்லையென்றால், அவர் வீட்டுக்குப் போன் போட வேண்டியது மருத்துவமனை. எண் அந்தப் பட்டியலில் இருக்கிறது.